புகைப்படத்தில் விழுந்த நிழலை வைத்துக் கட்டடத்தின் உயரம் காண்பது எப்படி?

பத்தாம் வகுப்பில் வடிவொத்த முக்கோணங்கள் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஒரே நேரத்தில், ஒரே சமதளத்தில் நிற்கும் இரண்டு பொருள்களின் நிழல்கள் அவற்றின் உயர விகிதத்திலேயே இருக்கும். எனவே, உயரம் தெரிந்த ஒரு கம்பம் அதே படத்தில் இருந்தால்,

```
கட்டட உயரம் = கம்பத்தின் உயரம் × (கட்டட நிழல் ÷ கம்பத்தின் நிழல்)
```

நிழல்களை மீட்டரில் அளக்க வேண்டியதில்லை. ஒரே படத்தில் இரண்டையும் பிக்சலில் அளந்தால் போதும், வகுக்கும்போது அலகு அடிபட்டுப் போகும். சூரியன் எத்தனை டிகிரி உயரத்தில் இருந்தது என்பதும் தேவையில்லை. கம்பத்தின் நிழலே அதைச் சொல்லிவிடுகிறது.

கணக்கு ஒரு வரிதான். ஆனால் ஒரே படத்தை நான்கு பேரிடம் கொடுத்தால் நான்கு விடை வரும். ஒவ்வொருவரும் நிழல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வெவ்வேறு இடத்தில் புள்ளி வைப்பதே அதற்குக் காரணம். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தப் புள்ளிகளைப் பற்றியது.

எந்தப் படம் உதவும்?

நேர் மேலிருந்து கீழ்நோக்கி எடுத்த படமே முதல் தேர்வு. ட்ரோன் கேமராவைச் செங்குத்தாகக் கீழே திருப்பி எடுத்த படத்தில் தரை முழுவதும் ஒரே அளவுகோலில் இருக்கும். படத்தின் ஓரத்தில் 100 பிக்சலும் நடுவில் 100 பிக்சலும் தரையில் ஏறக்குறைய ஒரே தூரம்தான். மாடியின் மேல்தளம் மட்டும் கேமராவுக்கு அருகில் இருப்பதால் சற்றுப் பெரிதாகவும், வெளிப்பக்கம் சாய்ந்தது போலவும் தெரியும். நாம் அளக்கப்போவது தரையில் விழுந்த நிழலை என்பதால் அந்தச் சாய்வு தொல்லை தராது. ஆனால் கட்டடத்தின் அடியைத் தேடும்போது மொட்டை மாடியின் விளிம்பை அடி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

செயற்கைக்கோள் படத்திலும் இதைச் செய்யலாம். அதில் பிக்சலின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிக்சல் தரையில் 30 முதல் 50 செ.மீ. வரை இருக்கும் படத்தில் சாதாரணத் தெருவிளக்குக் கம்பத்தின் நிழல் ஒரு மங்கல் கோடாகத் தெரிந்தாலே அதிகம். நெடுஞ்சாலைச் சந்திப்புகளில் நிற்கும் ஹைமாஸ்ட் விளக்குக் கம்பம் என்றால் உச்சியிலுள்ள விளக்கு வளையத்தின் நிழல் தடித்த புள்ளியாக விழும், அதைப் பிடித்துக்கொள்ளலாம். கூகுள் எர்த் போன்றவற்றில் வெவ்வேறு நாளில் எடுத்த படங்களை ஒட்டியிருப்பார்கள். கம்பம் ஒரு துண்டிலும் கட்டடம் இன்னொரு துண்டிலும் இருந்தால் கணக்கே செல்லாது. இரண்டு நிழல்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இணையாக இல்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிடலாம்.

சூரியன் 30 முதல் 50 டிகிரி உயரத்தில் இருந்த நேரத்துப் படம் நல்லது. நம் ஊரில் உச்சி வெயில் படங்கள் பெரும்பாலும் பயன்படாது. சென்னையில் ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும், செங்குத்துக் கம்பத்துக்கு நிழலே இருக்காது. அதற்காக மாலை ஐந்தரை மணிப் படத்தை எடுத்தால் வேறு சிக்கல். நிழல் நீண்டு காம்பவுண்டு சுவர், மரம், பக்கத்து வீடு என்று எதன் மேலாவது ஏறிவிடும், விளிம்பும் கலங்கிப்போகும்.

கம்பத்தின் உயரம் உண்மையில் எவ்வளவு?

கணக்கிலுள்ள ஒரே 'தெரிந்த' எண் இதுதான். பலரும் அதிகம் யோசிக்காமல் எழுதும் எண்ணும் இதுதான். 9 மீட்டர் மின்கம்பம் என்றால் அது கம்பத்தின் மொத்த நீளம். சிமெண்ட் மின்கம்பத்தை நடும்போது நீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை மண்ணுக்குள் இறக்குவார்கள். 9 மீட்டர் கம்பம் தரைக்கு மேல் 7.5 மீட்டர்தான் நிற்கும். அதை 9 என்று போட்டால் கட்டடம் இருப்பதைவிட 20 சதவீதம் உயர்ந்துவிடும், நான்கு மாடி ஐந்து மாடியாகிவிடும்.

அடியில் தகடு வைத்து போல்ட் போட்டு முடுக்கிய இரும்பு விளக்குக் கம்பத்தில் கதை தலைகீழ். அது மண்ணுக்குள் போவதில்லை. ஆனால் அதற்கடியில் ஒரு சிமெண்ட் மேடை இருக்கும், அதன் உயரத்தைக் கூட்ட வேண்டும். கை நீட்டி வளைந்திருக்கும் விளக்கு என்றால் எந்தப் புள்ளியின் உயரம் உங்களுக்குத் தெரியும், எந்தப் புள்ளியின் நிழலை அளக்கிறீர்கள் என்பது ஒன்றாக இருக்க வேண்டும். விளக்கு, தண்டிலிருந்து ஒதுங்கித் தொங்குவதால் அதன் நிழலைத் தண்டின் அடியிலிருந்து அளந்தால் தப்பு. கொடிக்கம்பம், கிரிக்கெட் மைதானத்துச் சைட்ஸ்கிரீன் கம்பம் போன்ற நேரான கம்பங்கள் வேலையை எளிதாக்கும்.

இடத்துக்கு நேரில் போக முடியுமானால் சர்வே வேலைக்குப் பயன்படும் லெவலிங் ஸ்டாஃப் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழலையும் கம்பத்தின் நிழலையும் டேப்பால் அளந்து கம்பத்தின் உயரத்தை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதே விகிதக் கணக்குதான், தரையில் நேரடியாகச் செய்வதால் துல்லியம் கூடும்.

மிகக் குட்டையான கம்பத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டரை மீட்டர் கைப்பந்துக் கம்பத்தை வைத்து 15 மீட்டர் கட்டடத்தை அளந்தால், கம்பத்தின் நிழலில் விடும் ஒவ்வொரு பிழையும் விடையில் ஆறு மடங்காக வரும். கட்டடத்தில் பாதி உயரமாவது இருந்தால் நிம்மதி.

நிழலின் முனை எங்கே?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நிழலுக்குக் கூரிய ஓரம் இருக்காது. கருமையிலிருந்து வெளிச்சத்துக்குப் படிப்படியாக மாறும் ஒரு பட்டை தெரியும். சூரியன் வானத்தில் ஒரு புள்ளியாக இல்லாமல் ஏறக்குறைய அரை டிகிரி அகலமுள்ள வட்டாக இருப்பதால் வரும் விளைவு இது. தரையில் இந்தப் பட்டையின் அகலத்தை இப்படிக் கணிக்கலாம்: உயரத்தை 0.0093-ஆல் பெருக்கி, சூரிய உயரக் கோணத்தின் சைன் மதிப்பின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். சூரியன் 42 டிகிரியில் இருக்கும்போது 14 மீட்டர் கட்டடத்துக்கு இது கிட்டத்தட்ட 30 செ.மீ., 9 மீட்டர் கம்பத்துக்கு 19 செ.மீ. வரும். அந்தப் பட்டையின் நடுவில் புள்ளி வைப்பதே சரி. அதுதான் சூரியனின் மையத்திலிருந்து வரும் கதிருக்கு உரிய இடம். கட்டடத்துக்குக் கரிய பகுதியின் முடிவையும் கம்பத்துக்கு மங்கலின் முடிவையும் எடுத்தால் விகிதம் கெட்டுப்போகும்.

கட்டடத்தைவிடக் கம்பத்தின் முனைதான் ஏமாற்றும். ஒரு பொருளின் முழுக் கருநிழல் அதன் அகலத்தைப் போல 107 மடங்கு தூரம் வரைதான் போகும். கம்பத்தின் உச்சி 8 செ.மீ. தடிமன் என்றால் ஏறக்குறைய 8.6 மீட்டர். ஆனால் 42 டிகிரிச் சூரியனில் 9 மீட்டர் உச்சியிலிருந்து நிழல் முனைக்குச் சாய்வாகப் போகும் தூரம் 13 மீட்டருக்கு மேல். ஆக, கம்ப நிழலின் கடைசிப் பகுதியில் முழுக் கருமையே இராது, வெளிறிய கோடு மட்டும்தான். சாதாரணமாகப் பார்ப்பவர் அந்த வெளிறிய பகுதியைத் தவறவிட்டு, நிழல் முன்னதாகவே முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார். கம்பத்தின் நிழல் குறைந்தால் கட்டட உயரம் கூடும். இந்த முறையில் வரும் விடைகள் பெரும்பாலும் கூடுதலாகவே வருவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. படத்தின் கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பார்த்தால் அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் நீள்வது கண்ணுக்குத் தெரியும்.

நிழலின் அடி எங்கே?

கம்பத்துக்கு அடி என்பது அது தரையைத் தொடும் இடம். கட்டடத்துக்கு அப்படி ஒரே இடம் இல்லை. நிழலின் ஓரத்தில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். அது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் ஒரு மூலையால் விழுந்தது. அந்த மூலைக்கு நேர் கீழே தரையில் இருக்கும் புள்ளிதான் அடி.

பலரும் செய்வது, சுவரிலிருந்து நிழலின் விளிம்புக்குச் செங்குத்தாகக் கோடு இழுப்பது. சூரியன் சுவருக்கு நேர் எதிரே இருந்தாலொழிய அது நிழலின் நீளமாகாது, நிழலின் அகலம் மட்டுமே. நிழல் சுவருக்குச் செங்குத்தான திசையிலிருந்து 30 டிகிரி விலகி விழுந்தால் உயரம் 13 சதவீதம் குறைந்துபோகும். சரியான திசையைக் கம்பத்தின் நிழலே காட்டும். நிழலின் மூலையிலிருந்து கம்ப நிழலுக்கு இணையாக ஒரு கோடு பின்னோக்கி இழுங்கள். அது கட்டடத்தின் அடி மூலையில் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் நீங்கள் பிடித்த நிழல் மூலை வேறு எதனுடையதோ: தண்ணீர்த் தொட்டியாக இருக்கலாம், சன்ஷேடாக இருக்கலாம், மாடிப்படி ஹெட்ரூமாக இருக்கலாம்.

ஹெட்ரூம் போல உள்ளே தள்ளி நிற்பவற்றின் உயரம் வேண்டுமானால் உள்ளே தள்ளியிருக்கும் தூரத்தையும் நிழலோடு கூட்ட வேண்டும். இந்தத் திருத்தம் எவ்வளவு பெரியதாகலாம் என்பதற்குப் பிரமிடு நல்ல உதாரணம். கிரேக்கத்துத் தேல்ஸ் எகிப்தின் பிரமிடை நிழலால் அளந்தார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. கீசாவின் பெரிய பிரமிடு கட்டியபோது ஏறக்குறைய 146 மீட்டர் உயரம், அடிப்பக்கம் 230 மீட்டர். சூரியன் 45 டிகிரியில் ஒரு முகத்துக்கு நேர் எதிரே இருந்தால் நிழலின் முனை மையத்திலிருந்து 146 மீட்டர் தள்ளி விழும். ஆனால் அதில் 115 மீட்டர் பிரமிடுக்கு அடியிலேயே மறைந்திருக்கும், வெளியே தெரிவது 31 மீட்டர்தான். தெரிந்ததை மட்டும் அளந்தவருக்குப் பிரமிடு 31 மீட்டர் உயரம்! அடிப்பக்கத்தில் பாதியைச் சேர்த்தால்தான் கணக்கு சரியாகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

திருச்சியில் ஒரு கல்லூரி விடுதி, நான்கு தளம் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 10, பிற்பகல் 3:15-க்கு ட்ரோனில் நேர் மேலிருந்து எடுத்த படம், 4000 × 3000 பிக்சல், வடக்கு மேல்பக்கம். வளாகத்தில் ஒரு விளக்குக் கம்பம், மேடையோடு சேர்த்துத் தரையிலிருந்து 9.0 மீட்டர். படத்தை GIMP என்ற படத்திருத்தச் செயலியில் திறந்து `Tools > Measure` எடுத்து இழுத்தால் நீளமும் கோணமும் கீழே தெரியும். நான்கு புள்ளிகளின் எண்களையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, பிறகு சரிபார்க்க உதவும்.

```
கம்பத்தின் அடி      (1412, 2035)
கம்ப நிழலின் முனை   (1698, 1864)
கட்டட மூலை அடி     (2204, 1490)
கட்டட நிழல் மூலை   (2656, 1220)
```

கம்பத்துக்குக் குறுக்கே 286, மேலே 171. பித்தாகரஸ் முறையில் 333.2 பிக்சல். கட்டடத்துக்குக் குறுக்கே 452, மேலே 270, நீளம் 526.5 பிக்சல். முதலில் இணையாக இருக்கின்றனவா என்று பார்ப்போம்: 171 ÷ 286 = 0.598, 270 ÷ 452 = 0.597. ஒத்துப்போகிறது. இனி உயரம்:

```
9.0 × 526.5 ÷ 333.2 = 14.2 மீட்டர்
```

இதில் கைப்பிடிச் சுவரும் அடங்கும். கூரைத் தளத்தின் உயரம் வேண்டுமானால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

விடை வந்ததோடு நிறுத்த வேண்டாம். படத்தில் தெரிந்த நீளம் ஒன்று கிடைத்தால் கம்பத்தின் 9 மீட்டரையே சோதித்துவிடலாம். அந்த வளாகத்தில் கைப்பந்து ஆடுகளம் இருக்கிறது, அதன் நீளம் 18 மீட்டர். படத்தில் அது 600 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 3 செ.மீ. அப்படியானால் கம்பத்தின் நிழல் 10.0 மீட்டர். 9-ஐ 10-ஆல் வகுத்தால் 0.9, அதற்குரிய கோணம் 42 டிகிரி. திருச்சியில் அந்த நாளில் அந்த நேரத்தில் சூரியன் ஏறக்குறைய 42 டிகிரியில்தான் இருக்கும். சூரியனின் இடத்தைக் காட்டும் எந்தச் செயலியிலும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். நிழலின் திசையும் வடக்கிலிருந்து கிழக்காக 59 டிகிரி, அதுவும் பொருந்துகிறது. கம்பம் உண்மையில் 7.5 மீட்டராக இருந்தால் அது விழுத்தும் நிழல் 8.3 மீட்டராகத்தான் இருந்திருக்கும். 9 மீட்டர் என்ற எண்ணம் தவறு என்பது கோணம் 47 டிகிரி என்று வருவதிலேயே பிடிபட்டிருக்கும்.

பிழை எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். கம்ப நிழலில் 4 பிக்சல், கட்டட நிழலில் 6 பிக்சல், கம்பத்தின் உயரத்தில் 10 செ.மீ. என்று வைத்தால் ஒவ்வொன்றும் விடையில் ஏறக்குறைய 15 முதல் 17 செ.மீ. வரை அசைக்கும். மூன்றும் ஒரே பக்கமாகச் சேர்வது அரிது என்பதால் அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 30 செ.மீ. ஆகவே 14.2 மீட்டர், 0.3 கூடவோ குறையவோ. 14.22 என்று எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகும். கம்ப நிழலின் வெளிறிய முனையில் 10 பிக்சலைத் தவறவிட்டால் மட்டும் விடை 14.7 ஆகிவிடும். மற்ற மூன்று பிழைகளும் சேர்ந்து தரும் அசைவைவிட அது பெரிது.

தரை சமமாக இல்லாவிட்டால்

தரை சாய்ந்திருந்தாலே கணக்கு போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கம்பமும் கட்டடமும் ஒரே சீரான சரிவில் நின்றால் இரண்டு நிழல்களும் ஒரே மடங்கில் நீளும் அல்லது சுருங்கும், விகிதம் மாறாது. சிக்கல், நிழலின் முனை வேறு மட்டத்தில் விழும்போதுதான். கட்டட நிழல் அரை மீட்டர் தாழ்ந்த சாலையில் போய் விழுந்தால் உங்களுக்குக் கிடைப்பது சாலை மட்டத்திலிருந்து கட்டடத்தின் உயரம். அரை மீட்டரைக் கழித்தால் போதும், வேறு திருத்தம் வேண்டாம். நிழல் காம்பவுண்டு சுவரின் மேல் ஏறியிருந்தால் முனை தரைக்குப் பதில் சுவரில் இருக்கும். அங்கே கோடு உடைவதைக் கண்டுபிடித்து வேறு மூலையைத் தேர்ந்தெடுங்கள்.

தரையில் நின்று எடுத்த படம் மட்டுமே இருந்தால்

இங்கே பிக்சலை நேரடியாக வகுக்கவே கூடாது. அருகிலுள்ள ஒரு மீட்டர் படத்தில் பெரிதாகவும், தொலைவிலுள்ள ஒரு மீட்டர் சிறிதாகவும் தெரியும். இணையான நிழல்களும் தூரத்தில் ஒன்றுசேர்வது போலக் காட்சியளிக்கும். தரையில் நான்கு மூலையும் தெரியும் ஒரு செவ்வகம் இருந்தால் இதைச் சரிசெய்யலாம். ஆடுகளக் கோடு, வாகன நிறுத்தக் கோடு, பேவர் கல் பதித்த நடைபாதை என்று அளவு தெரிந்த எதுவும் போதும். அந்த நான்கு மூலைகளின் பிக்சல் இடத்தையும் உண்மையான மீட்டர் இடத்தையும் கொடுத்தால் OpenCV என்ற நிரல் நூலகம் தரையை நேர் மேலிருந்து பார்த்தது போல மாற்றித் தரும்:

```python
import cv2, numpy as np
px = np.float32([[612,1480],[2210,1395],[2895,1960],[180,2120]])
m  = np.float32([[0,0],[18,0],[18,9],[0,9]])
H  = cv2.getPerspectiveTransform(px, m)

def ground(p):
    return cv2.perspectiveTransform(np.float32([[p]]), H)[0][0]

def length(a, b):
    return np.linalg.norm(ground(b) - ground(a))

# height = 9.0 * length(bfoot, btip) / length(pfoot, ptip)
```

`px` வரியில் உங்கள் படத்தின் எண்களைப் போடுங்கள். மூலைகளின் வரிசை இரண்டு வரிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி வரியிலுள்ள நான்கு பெயர்களுக்கும் முன்போலவே அடியையும் முனையையும் கொடுத்து, முன்னாலுள்ள `#` குறியை எடுத்துவிட வேண்டும். மாற்றிய பிறகு இரண்டு நிழல்களும் இணையாக வருகின்றனவா என்று பார்ப்பது இங்கே இன்னும் அவசியம். கைப்பேசிக் கேமராவின் அகலக்கோண லென்ஸ் படத்தின் ஓரங்களில் நேர்கோட்டை வளைத்துவிடும். ஆடுகளக் கோடு வளைந்து தெரிந்தால் அதே இடத்திலிருந்து சாதாரண லென்ஸில் எடுத்த படம் வேண்டும்.

செவ்வகத்துக்கு உள்ளேயோ பக்கத்திலேயோ இருக்கும் புள்ளிகள் நன்றாக வரும். நிழலின் முனை அதைத் தாண்டித் தொலைவில், அடிவானத்தை நோக்கிப் போகப் போக ஒரு பிக்சல் தவறு அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று வளரும். முனையை வேண்டுமென்றே ஒரு பிக்சல் மேலே நகர்த்தி மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். உயரம் அரை மீட்டருக்கு மேல் மாறினால் அந்தப் படத்திலிருந்து மாடிகளின் எண்ணிக்கையைச் சொல்லலாம், மீட்டரில் உயரம் சொல்ல முடியாது.